சுவரிலிருந்தே உள்ளே வளர்ந்தால் என்ன? கலத்தட்டும் பிளவுச்சாலும்

கேள்வி: “நான் முல்லைத்தீவில் உயர்தர உயிரியல் படிக்கிறேன். தாவரக் கலத்துக்குச் சுவர் இருப்பதால் பிளவுச்சால் உண்டாக முடியாது, ஆகவே கலத்தட்டு நடுவிலிருந்து வெளியே வளர்கிறது என்று குறிப்பில் இருக்கிறது. சுவர் இருந்தால் அந்தச் சுவரிலிருந்தே உள்ளே வளர்ந்திருக்கலாமே? வெங்காய வேர்நுனியை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது எனக்குத் தட்டு தெரியவும் இல்லை. தெரிந்தவர்கள் விளக்குவீர்களா?”

உங்கள் சந்தேகம் சரியானது. “சுவர் இருப்பதால்” என்ற காரணம் ஒரு பாதியைத்தான் விளக்குகிறது. விலங்குக் கலத்தைப்போல் புரத வளையம் ஒன்று இறுகித் தாவரக் கலம் ஏன் நடுவில் பிளவதில்லை என்பதற்கு அது பதில். தட்டு ஏன் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகிறது என்பதற்கு அது பதில் ஆகாது. பாடக்குறிப்புகள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. தாவரவியல் படித்து, வன்னிப் பாடசாலைகளில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். மாணவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி மனதில் வைத்திருந்தும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். சுவர் கடினமானது, வளையாது என்பது மட்டும் தடையல்ல. சுவர் அப்படியே நிற்க, உள்ளே உள்ள முதலுருமென்சவ்வு மட்டும் சுவரைவிட்டு விலகி உள்நோக்கி இறுகியிருக்கலாம் அல்லவா? அதைத் தடுப்பது வீக்க அமுக்கம். நீர் நிறைந்த தாவரக் கலத்தின் உள்ளே ஏறத்தாழ 0.3 முதல் 1 மெகாபாசுக்கல் வரை அமுக்கம் இருக்கும். நடுத்தரமாக 0.5 என்று வைத்தாலும், அது கார்ச் சக்கரத்துக்குள் அடைக்கும் காற்றின் அமுக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்த அமுக்கம் சவ்வைச் சுவரோடு சேர்த்து அழுத்தி வைத்திருக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மைக்கிரோமீற்றர் அகலமான ஒரு கலம். அதன் நடுவைச் சுற்றி 1 மைக்கிரோமீற்றர் அகலத்தில் ஒரு புரத வளையம் இறுகி, சவ்வைச் சுவரிலிருந்து பிரித்து இழுக்க முயல்கிறது. வளையத்தில் வேண்டிய இழுவிசை, அமுக்கத்தையும் வளையத்தின் அகலத்தையும் கலத்தின் ஆரையையும் பெருக்கினால் வரும். 0.5 மெகாபாசுக்கல், 1 மைக்கிரோமீற்றர், 10 மைக்கிரோமீற்றர் ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறக்குறைய 5000 நானோநியூற்றன் கிடைக்கும். விலங்குக் கலத்தின் வளையம் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது? கடல் முள்ளெலி இன முட்டைகளில் பிளவுச்சாலின் குறுக்கே மெல்லிய கண்ணாடி ஊசிகளைச் செருகி, அவை எவ்வளவு வளைகின்றன என்று பார்த்து ரேமண்ட் ராப்பபோர்ட் 1967இல் அளந்தார். கிடைத்தது சில பத்து நானோநியூற்றன்தான். கலங்களின் பருமன் வேறு, வளையத்தின் அகலம் வேறு என்பதால் என் கணக்கு மிகவும் தோராயமானது. ஆனாலும் இடைவெளி நூறு மடங்கு அளவில் இருக்கிறது. இந்த இழுவையால் அந்த அமுக்கத்தை வெல்ல முடியாது. எனவே இறுக்கிப் பிரிக்கும் வழி தாவரக் கலத்துக்கு அடைபட்டிருக்கிறது என்பதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பாதிதான் நீங்கள் கேட்டது. சுவரிலிருந்து உள்நோக்கிப் புதிய சுவரைக் கட்டிக்கொண்டே போகலாமே? போகலாம். அப்படிப் பிரியும் உயிர்கள் இருக்கின்றன. மதுவத்துக்கும் சுவர் உண்டு, உள்ளே அமுக்கமும் உண்டு. அதிலும் அக்ரின், மயோசின் கொண்ட ஒரு வளையம் உண்டாகிறது. ஆனால் அந்த வளையம் இறுகும்போதே அதன் பின்னால் சுவர்ப்பொருள் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சேர்ந்துகொண்டே வருகிறது. பிளவு மதுவத்தில் செய்த அளவீடுகள், சவ்வை உள்ளே தள்ளும் பெரும் விசை வளையத்திலிருந்து அல்ல, வளரும் அந்தச் சுவரிலிருந்தே வருகிறது என்று காட்டின. மேலே போட்ட கணக்கோடு இது பொருந்துகிறது.

இன்னும் நெருக்கமான உதாரணம் நம் குளங்களிலேயே இருக்கிறது. குளக்கரையில் பச்சை நூல் நூலாக மிதக்கும் ஸ்பைரோகைரா தரைத்தாவரங்களுக்கு நெருங்கிய உறவுடைய அல்கா. அதன் கலம் பிரியும்போது முதலில் பக்கச் சுவரிலிருந்து உள்நோக்கி ஒரு மடிப்பும் புதிய சுவரும் வளர்ந்து வருகின்றன. பிறகு நடுவில் மிஞ்சிய சிறிய இடைவெளியை, பூக்கும் தாவரங்களில் உள்ளதுபோன்ற ஒரு கட்டமைப்பு வந்து அடைக்கிறது. ஒரே கலத்தில் இரண்டு முறையும் நடக்கின்றன. ஆகவே சுவர் உள்ள கலம் கட்டாயம் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. தரைத்தாவரங்களும், காரா போன்ற சில பச்சை அல்காக்களும் நடுவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அவற்றில் சுவர் கட்டும் பொறி கலத்தின் நடுவில் உருவாகிறது என்பதே. அந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் வெளிநோக்கிய வளர்ச்சி தானாகவே விளங்கும்.

வெங்காய வேர்நுனியில் ஒரு கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமூர்த்தங்கள் இரண்டு முனைகளுக்கும் இழுக்கப்பட்டுவிட்டன. மேன்முகவவத்தை முடிந்து ஈற்றவத்தை தொடங்குகிறது. இழுத்த கதிரின் நுண்புன்குழாய்கள் நடுப்பகுதியில் முற்றாக மறைவதில்லை. அங்கே அவை மீள ஒழுங்குபட்டு, புதியவையும் சேர்ந்து, இரண்டு எதிரெதிர்க் கற்றைகளாக நிற்கின்றன. ஒரு கற்றை மேல் மகட்கருவின் பக்கம், மற்றது கீழ் மகட்கருவின் பக்கம். இரண்டின் வளரும் முனைகளும் கலத்தின் நடுத்தளத்தை நோக்கியிருக்கின்றன. இந்த அமைப்பைப் பிராக்மோபிளாஸ்ற் என்கிறார்கள். பாடநூலில் இதைக் கலத்தட்டின் அருகே ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஆனால் தாவரக் குழியவுருப் பிரிவில் முதன்மையான பாத்திரம் இதுதான்.

கொல்கியுடல்களிலிருந்து புறப்படும் சிறு புடகங்கள் இந்த நுண்புன்குழாய்களின் வழியே, கைனசின் என்னும் இயக்கப் புரதங்களால் சுமக்கப்பட்டு நடுத்தளத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு புடகமும் 60 முதல் 80 நானோமீற்றர் விட்டமுடையது. உள்ளே பெக்ரினும் சுவருக்கு வேண்டிய பிற கார்போவைதரேற்றுகளும் இருக்கின்றன. நடுவில் வந்ததும் அவை ஒன்றோடொன்று இணைகின்றன. இந்த இணைவுக்கு வேண்டிய புரதங்களில் ஒன்று க்னோல் எனப்படுகிறது. ஆரபிடொப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் 1996இல் இனங்காணப்பட்ட அது, கலம் பிரியும் நேரத்தில் மட்டும் உருவாகிப் பிறகு அழிந்துவிடுகிறது.

இணைந்த புடகங்கள் உடனே ஒரு தட்டையான தகடாகிவிடுவதில்லை. இதைத்தான் வரைபடங்கள் மறைத்துவிடுகின்றன. முதலில் புடகங்களிலிருந்து மெல்லிய குழாய்கள் நீண்டு, ஒன்றையொன்று தொட்டு, ஒரு வலைப்பின்னல் உண்டாகிறது. பிறகு குழாய்கள் தடித்து வலை நெருக்கமாகிறது. அதன் பிறகே ஓட்டைகள் நிறைந்த ஒரு தகடு தோன்றுகிறது. கடைசியில் ஓட்டைகள் அடைபட்டு முழுத் தட்டாகிறது. இந்தப் படிகளை 1995இல் புகையிலைக் கலங்களை மிக விரைவாக உறையவைத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து விரிவாக விவரித்தார்கள். சில இடங்களில் அகமுதலுருச் சிறுவலையின் நூல்கள் தட்டின் ஊடாக அகப்பட்டு நின்றுவிடுகின்றன. பக்கத்துக் கலங்களை இணைக்கும் முதலுரு இணைப்புகள் அங்கேதான் பிறக்கின்றன. அதாவது இரண்டு மகட்கலங்களும் முழுவதுமாகத் துண்டிக்கப்படுவதே இல்லை. விலங்குக் கலத்தோடு ஒப்பிடும்போது இதை நான் மிகப் பெரிய வேறுபாடாக மதிக்கிறேன்.

தட்டின் உட்புறத்தில் முதலில் அதிகமாகச் சேரும் பொருள் செலுலோசு அல்ல, கலோசு. வலைப்பின்னல் கட்டத்திலேயே அது சேரத் தொடங்குகிறது. தளர்வான குழாய்வலை தட்டையாக விரிந்து பரவுவதற்கு அது உள்ளிருந்து உதவுகிறது என்று கருதப்படுகிறது. அப்படித்தான் என்று முடிவாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் கலோசு சேராவிட்டால் தட்டு நிலைப்பதில்லை என்பது உறுதி. அதைக் காட்டும் பரிசோதனையைப் பின்னால் சொல்கிறேன். தட்டு முதிர்ந்ததும் கலோசு குறைந்து, செலுலோசு அதன் இடத்தைப் பிடிக்கிறது. பெக்ரின் செறிந்த நடுப்படை, இரண்டு கலங்களையும் ஒட்டிவைக்கும் நடுமென்றட்டாகிறது.

வெளிநோக்கிய பயணம் இப்படி நடக்கிறது. நடுவில் தட்டு உருவானதும் அந்த இடத்தில் நுண்புன்குழாய்கள் சிதைந்துவிடுகின்றன. தட்டின் ஓரத்தை ஒட்டிப் புதியவை உண்டாகின்றன. ஆகவே முதலில் திரட்சியாக இருந்த பிராக்மோபிளாஸ்ற் ஒரு வளையமாகி, அந்த வளையம் விரிந்துகொண்டே போகிறது. புடகங்கள் எப்போதும் வளையத்தில் மட்டுமே இறங்குவதால் தட்டு ஓரத்தில் வளர்கிறது. வேர்நுனிக் கலத்தில் இது போக வேண்டிய தூரம் 10 மைக்கிரோமீற்றர் அளவுதான். பாலை, முதிரை போன்ற மரங்களின் மாறிழையத்தில் உள்ள நீண்ட கலங்கள் நீளவாக்கில் பிரியும்போது, இதே வளையம் நூற்றுக்கணக்கான மைக்கிரோமீற்றர் ஊர்ந்து கலத்தின் இரு முனைகளுக்கும் போக வேண்டும். மகட்கருக்கள் இரண்டும் ஓய்வுநிலைக்கு வந்த பிறகும் அங்கே தட்டு வளர்ந்துகொண்டிருக்கும்.

வளையம் சுவரின் எந்த இடத்தைப் போய்த் தொட வேண்டும் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. கலம் பிரியத் தொடங்குவதற்கு முன்பே சவ்வின் அடியில், கலத்தைச் சுற்றி நுண்புன்குழாய்களால் ஆன ஒரு பட்டி தோன்றுகிறது. கோதுமையில் இதை 1966இல் பிக்கெற்-ஹீப்ஸ், நோர்த்கோட் இருவரும் விவரித்தார்கள். கருவுறை உடையும்போது பட்டி மறைந்துவிடுகிறது. ஆனால் அது இருந்த இடத்தில் சில புரதங்கள் தங்கிவிடுகின்றன. தட்டு அந்த இடத்தைத்தான் தேடிப் போய்ச் சேர்கிறது. கலம் நடுவிலிருந்து சுவர் கட்டினாலும், எங்கே முடிப்பது என்பதை ஓரம்தான் தீர்மானித்திருக்கிறது. பட்டி கட்டாயத் தேவையா என்பதில் நீண்ட காலம் விவாதம் இருந்தது. பட்டி உருவாகாத ஆரபிடொப்சிஸ் செடிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவு, பட்டி இல்லாமலும் கலங்கள் பிரிகின்றன, ஆனால் பிரியும் தளம் துல்லியம் குறைந்து அலைகிறது என்று சொல்கிறது. வளரும் தட்டின் ஓரம் தூரத்திலிருக்கும் குறியை எப்படி உணர்கிறது என்பது இன்றும் ஆராய்ச்சியில் இருக்கும் விடயம். பரீட்சையில் இதை ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் ஒரே வரியில் விடை எழுத முடியாது.

விலங்குக் கலத்துக்கு வருவோம். அங்கே குறி வைப்பதும் வேலை நடப்பதும் ஒரே இடத்தில், சவ்வின் அடியில். ஆனால் உத்தரவு நடுவிலிருந்து வருகிறது. ராப்பபோர்ட் 1961இல் செய்த பரிசோதனை இதை அழகாகக் காட்டியது. கடல் முள்ளெலிக்கு உறவான ஒரு தட்டையான விலங்கின் முட்டையை, சிறு கண்ணாடிக் குண்டால் நடுவில் அழுத்தி, ஓட்டையுள்ள வளையமாக்கினார். முதல் பிரிவில் வளையம் ஒரு பக்கம் மட்டும் அறுந்து, குதிரை லாட வடிவில் இரு கருக்கள் கொண்ட ஒரே கலமானது. அடுத்த பிரிவில் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு கதிர் உண்டாகி, ஒவ்வொன்றின் நடுவிலும் பிளவுச்சால் வந்தது. அது எதிர்பார்த்தது. அத்தோடு லாடத்தின் வளைவில், கதிரோ நிறமூர்த்தமோ இல்லாத இடத்தில், இரண்டு கதிர்களின் முனைகளிலிருந்து பூப்போல விரிந்து அடுத்தடுத்து நின்ற நுண்புன்குழாய்க் கூட்டங்களுக்கு இடையே மூன்றாவது பிளவுச்சாலும் வந்தது. நுண்புன்குழாய்கள் சவ்வுக்குச் செய்தி அனுப்புகின்றன, நிறமூர்த்தங்கள் அதற்குத் தேவையில்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

அந்தச் செய்தியின் பெரும்பகுதி இப்போது தெரியும். கதிரின் நடுவில் சேரும் புரதக் கூட்டம் ஒன்று, ரோ என்னும் சிறு புரதத்தை நடுக்கோட்டுச் சவ்வில் மட்டும் தூண்டிவிடுகிறது. ரோ தூண்டப்பட்ட இடத்தில் அக்ரின் இழைகள் வளர்கின்றன, மயோசின் இயங்குகிறது, வளையம் இறுகுகிறது. மயோசின் இல்லாமல் இது நடக்காது என்பதை 1977இல் யப்பானில் மபுச்சி, ஒகுனோ இருவரும் காட்டினார்கள். நட்சத்திரமீன் முட்டைக்குள் மயோசினுக்கு எதிரான பிறபொருளெதிரியைச் செலுத்தியபோது, கருக்கள் பிரிந்துகொண்டே போயின, கலம் பிரியவில்லை. வளையம் இறுகும்போது தடித்துத் திரள்வதில்லை. சுருங்கும் அளவுக்கு அதன் இழைகள் கழன்று போய்க்கொண்டே இருக்கின்றன. கடைசியில் இரண்டு கலங்களுக்கும் இடையே கதிரின் மிச்சத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பாலம் மட்டும் நிற்கும். அதை அறுப்பது வளையம் அல்ல, சவ்வை உள்ளிருந்து முறுக்கித் துண்டிக்கும் வேறொரு புரதத் தொகுதி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த விரும்புகிறேன். “தாவரம் புதிய சவ்வைச் சேர்க்கிறது, விலங்கு இருக்கும் சவ்வைக் கொண்டு சமாளிக்கிறது” என்று பலர் எழுதுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அது நிற்காது. ஒரு கோளம் கனவளவு மாறாமல் இரண்டு சம கோளங்களானால் மொத்த மேற்பரப்பு ஏறக்குறைய 26 சதவீதம் கூடும். அந்தச் சவ்வு எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். பக்கத்துக்கு 20 மைக்கிரோமீற்றர் கொண்ட கனவடிவான தாவரக் கலத்தில் ஒரு தட்டு வந்தால், அதன் இருபுறமும் 400 சதுர மைக்கிரோமீற்றர் வீதம் மொத்தம் 800 சேரும். முன்பிருந்தது 2400. கூடுதல் 33 சதவீதம். இரண்டும் ஒன்றுக்கொன்று அதிகத் தூரத்தில் இல்லை. விலங்குக் கலத்தில் மேற்பரப்பின் மடிப்புகள் கொஞ்சம் கொடுக்கும், புடகங்களும் பிளவுச்சாலுக்குப் போகின்றன. தாவரத்தில் புதிய எல்லை முழுவதும் புடகங்களால் ஆனது. 70 நானோமீற்றர் புடகம் ஒன்றின் மேற்பரப்பைக் கொண்டு வகுத்தால் அந்த 800 சதுர மைக்கிரோமீற்றருக்கு 50,000க்கு மேற்பட்ட புடகங்கள் வேண்டும். உண்மையில் அதைவிடவும் அதிகம் வருகின்றன, ஏனெனில் தட்டு தட்டையாகும்போது மிகையான சவ்வு திரும்ப எடுக்கப்படுகிறது.

விலங்குக் கலத்தில் புதிய சவ்வு சேர்வதைக் கண்ணால் பார்க்கக்கூடியது தவளை முட்டையில். ஆய்வுகூடங்களில் வளர்க்கும் ஆபிரிக்கத் தவளையின் முட்டை மேற்பாதியில் கருமையானது. முதல் பிளவுச்சால் அந்தக் கரும்பாதியில் தொடங்கிக் கீழே இறங்கும்போது, சாலின் உட்புறத்தில் நிறமற்ற வெளிறிய சவ்வு தெரியும். அதுதான் புதிதாக வந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகு நம் வயல் ஓரத் தேங்குநீரில் தேரைகள் நாடா நாடாவாகக் கருமுட்டை இடும்போது கைவில்லையோடு போய்ப் பாருங்கள். நம் வெப்பநிலையில் பிரிவு வேகமாக நடக்கும். இரவில் இட்ட முட்டை விடியும்போது பல பிரிவுகளைக் கடந்திருக்கும். எனவே முதற்சால் வேண்டுமென்றால் முட்டையிடும் நேரத்திலேயே எடுக்க வேண்டும். விடிந்தபின் எடுத்தாலும் முட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பல சால்களைக் காணலாம்.

இரண்டு முறைகளும் எப்படிக் குழம்புகின்றன என்று பார்த்தால் அவற்றின் அமைப்பு இன்னும் தெளிவாகும். வெங்காய வேர்களைச் சுமார் 0.1 சதவீத கஃபீன் கரைசலில் ஒரு மணிநேரம் வைத்தால், கதிர் வழமைபோல் உண்டாகும், நிறமூர்த்தங்கள் பிரியும், பிராக்மோபிளாஸ்ற் தோன்றும், புடகங்கள் வந்து இணையவும் தொடங்கும். ஆனால் கலோசு சரிவரச் சேராது, தட்டு உறுதிப்படாமல் சிதைந்துவிடும். மிஞ்சுவது இரண்டு கருக்கள் கொண்ட ஒரே கலம். ஸ்பானிய ஆய்வாளர்கள் 1960களில் இதைக் கொண்டே வெங்காயக் கலங்களின் பிரிவுச் சுழற்சியை அளந்தார்கள். அந்த ஒரு மணிநேரத்தில் ஈற்றவத்தையில் இருந்த கலங்கள் மட்டும் இரு கருக்களால் அடையாளப்பட்டுவிடுவதால், அவை அடுத்து எப்போது பிரிகின்றன என்று பின்தொடர முடிந்தது. கொல்சிசினோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கொல்சிசின் நுண்புன்குழாய்களையே குலைப்பதால் கதிரும் இல்லை, பிராக்மோபிளாஸ்றும் இல்லை, நிறமூர்த்தங்கள் இரட்டித்த ஒரே கரு மிஞ்சுகிறது. இரண்டு கரு என்றால் பழுது கடைசிப் படியில். இரட்டித்த ஒரே கரு என்றால் பழுது முதற்படியிலேயே. க்னோல் புரதம் இல்லாத ஆரபிடொப்சிஸ் முளையங்களில் புடகங்கள் நடுத்தளத்துக்கு வந்து இணையாமல் நிற்கின்றன. பல கருக்கள் கொண்ட பருத்த கலங்களும், பாதியில் நின்ற சுவர்த் துண்டுகளும் காணப்படுகின்றன. நாற்று பிழைப்பதில்லை.

ஆனால் தட்டு வராமல் இருப்பது எப்போதும் பழுது அல்ல. இளந்தேங்காயின் நீர், வித்தகவிழையம் கலங்களாகப் பிரியாமல் கருக்கள் மட்டும் பெருகிய நிலை. பின்னர் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுவர்கள் எழுந்து, வழுக்கையும் பிறகு தேங்காய்ப் பருப்பும் உண்டாகின்றன. அந்தச் சுவர்கள் ஒரே பிரிவில் பிறந்த மகட்கருக்களுக்கு இடையில் மட்டுமன்றி, சும்மா அடுத்தடுத்து இருக்க நேர்ந்த கருக்களுக்கு இடையிலும் எழுகின்றன. முன்குறித்த பட்டியும் அங்கே இல்லை. ராப்பபோர்ட்டின் மூன்றாவது பிளவுச்சாலைப் போலவே இதுவும், கருப்பிரிவும் குழியவுருப் பிரிவும் இரண்டு தனி வேலைகள், வழக்கமாக அடுத்தடுத்து நடக்கின்றன என்றே காட்டுகிறது.

கடைசியாக, உங்களுக்குத் தட்டு தெரியாதது. உங்கள் ஆயத்தத்தில் பிழை இருந்திருக்க வேண்டியதில்லை. வேர்நுனியை ஐதரோக்குளோரிக்கமிலத்தில் 60 பாகை செல்சியசில் வைப்பது நடுமென்றட்டைத் தளர்த்திக் கலங்களைப் பிரிப்பதற்காக. அதே அமிலம் பெக்ரின் நிறைந்த இளந்தட்டையும் பலவீனமாக்கும். அசற்றோகாமைன் நிறமூர்த்தங்களுக்குத்தான் சாயம் ஏற்றுகிறது, தட்டுக்கு அல்ல. இன்னொன்று, நல்ல வேர்நுனியிலும் ஈற்றவத்தைக் கலங்கள் நூற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

ஆகவே அமிலத்தில் 5 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். நுனியின் 2 மில்லிமீற்றரை மட்டும் எடுங்கள். மூடித்துண்டை நசுக்கும்போது பக்கவாட்டில் நகரவிடாமல் நேராக அழுத்துங்கள். உயர் வலுவில் இரண்டு சிறு, அடர்த்தியான மகட்கருக்கள் எதிரெதிரே இருக்கும் கலத்தைத் தேடிப் பிடித்தபின், ஒளியைக் கூட்டாதீர்கள். ஒடுக்கியின் கீழுள்ள துவாரத்தை மெல்லச் சுருக்குங்கள். ஒளி குறைந்து விளிம்புகள் கூர்மையாகும்போது, இரு கருக்களின் நடுவே பக்கச் சுவரைத் தொடாமல் நிற்கும் ஒரு மெல்லிய கோடு தெரியும். நுண்சரிசெய்யியை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். கோடு ஒரே தளத்தில் நிலைத்து நின்றால் அது தட்டு. திருப்பத் திருப்ப நகர்ந்தால் அது கீழே அகப்பட்ட வேறொரு கலத்தின் சுவர்.

கஃபீன் பரிசோதனையைச் செய்ய விரும்பினால் ஆசிரியரோடு சேர்ந்து மட்டும் செய்யுங்கள். தூய கஃபீன் தூள் சில கிராம் உடலுக்குள் போனாலே உயிராபத்து. செய்தால், கஃபீன் படாத வேர்களையும் கூடவே அதே நேரத்தில் ஆயத்தம் செய்து, இரு கருக் கலங்களை இரண்டிலும் எண்ணுங்கள். நசுக்கிய ஆயத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு கலங்களும் இரு கருக் கலம்போலத் தோன்றும். கஃபீன் படாத வேர்களில் கிடைத்த எண்ணிக்கையைக் கழித்தால்தான் கஃபீன் செய்தது எவ்வளவு என்று தெரியும்.